யூலை 15 அன்று வயது எத்தனை: தகுதிப் பட்டியல் பிழைக்கும் இடங்கள்

விசுவமடுவில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரம் ஒரு சின்னக் கணினிக் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, லமினேற்றிங், விண்ணப்பம் நிரப்புதல் என்று நாள் போகும். வருட நடுவில் ஏதாவது ஒரு பயிற்சிநெறிக்கோ வேலைக்கோ அறிவித்தல் வந்தால், கிராமத்துச் சங்கங்கள் பெயர்ப் பட்டியலைப் பென்டிரைவில் கொண்டு வந்து தருவார்கள். "தம்பி, இதில ஆருக்குத் தகுதி இருக்கு எண்டு பிரிச்சுத் தாங்கோ." வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நிரலில் நான் விட்ட பிழைகளைப் போல வேறெங்கும் விட்டதில்லை.

இங்கே ஓர் அறிவித்தலை எடுத்துக்கொள்வோம். முடிவுத் திகதி 2026.07.15. வயது அன்றைய தினத்தில் 18க்குக் குறையாமலும் 28க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். எக்செல் தாளில் B நிரலில் பிறந்த திகதி இருக்கிறது. முடிவுத் திகதியை H1 என்ற ஒரே கலத்தில் போட்டு வைத்திருக்கிறோம். கீழே உள்ளவை என்னிடம் வந்த, அல்லது நானே உண்டாக்கிய கோளாறுகள். உங்கள் தாளில் தெரியும் அறிகுறியைப் பார்த்து அந்த இடத்துக்குப் போகலாம்.

அறிகுறி: ஆவணி முதல் மார்கழி வரை பிறந்த எல்லாருக்கும் ஒரு வயது கூடிக் காட்டுகிறது

சூத்திரத்தைத் திறந்து பாருங்கள். அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

```
=YEAR($H$1)-YEAR(B2)
```

இது வயதைக் கணிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளின் வித்தியாசத்தை மட்டும் தருகிறது. 2008 நவம்பரில் பிறந்த பிள்ளைக்கும் 18, 2008 ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கும் 18.

இந்தப் பிழை பல வருடம் பிடிபடாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. வயதை டிசம்பர் 31 இல் வைத்துப் பார்க்கும் போட்டிகளுக்கு இதே சூத்திரம் முற்றிலும் சரி. அன்றைக்கு எல்லாருடைய பிறந்தநாளும் முடிந்துவிட்டது, ஆகவே ஆண்டைக் கழித்தாலே போதும். கழகத்துக்காரர் ஒருவர் அந்தத் தாளைப் பிரதி எடுத்து, முடிவுத் திகதியை மட்டும் யூலைக்கு மாற்றுவார். சூத்திரம் அப்படியே கிடக்கும். யூலை 16 முதல் டிசம்பர் 31 வரை 169 நாட்கள். அந்த நாட்களில் பிறந்த ஒவ்வொருவருக்கும் இன்னும் முடியாத ஒரு வயது சேர்ந்துவிடும். பட்டியலில் ஏறத்தாழ பாதிப் பேர்.

திகதி ஜனவரி 1 ஆக இருந்தால் கிட்டத்தட்ட எல்லாருக்குமே பிழைக்கும், அதனால் யாராவது உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நடு வருடத் திகதியில்தான் தொல்லை. மேலே நாலு பெயரைச் சரிபார்த்தால் நாலும் சரியாக இருக்கக்கூடும்.

வயதை எண்ணாகக் காட்டத்தான் வேண்டும் என்றால் இதைப் போடுங்கள்:

```
=DATEDIF(B2,$H$1,"Y")
```

எக்செல் இந்தப் பெயரைத் தட்டும்போது தானாக எடுத்துக் காட்டாது. அதனால் இல்லை என்று நினைக்க வேண்டாம், முழுதாகத் தட்டினால் வேலை செய்யும்.

அறிகுறி: நேற்றுத் "தகுதி இல்லை" என்றிருந்த பெயர் இன்று "தகுதி" என்கிறது

எங்கோ TODAY() இருக்கிறது. முடிவுத் திகதிக்குப் பதிலாக, தாளைத் திறக்கும் நாளை வைத்துக் கணக்குப் போகிறது. அதை எடுத்துவிட்டு H1 ஐக் குறியுங்கள். H1 இல் திகதியை `=DATE(2026,7,15)` என்று போட்டால் நாளும் மாதமும் இடம் மாறும் சந்தேகமும் இல்லை.

அதேபோல யாருக்காவது 126 வயது வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அந்தக் கலம் வெறுமையாக இருக்கிறது. எக்செல் வெறுமையைப் பூச்சியமாக எடுத்து 1900 ஆம் ஆண்டிலிருந்து எண்ணுகிறது.

அறிகுறி: முடிவுத் திகதியன்றே பிறந்தநாள் வருபவருக்கு ஒரு வயது குறைகிறது

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் அடிபட்டிருக்கிறேன்.

முன்னொரு வருடம் பட்டியலை ஒட்டிய பிறகு ஒரு பிள்ளை தாயோடு கடைக்கு வந்தாள். "அண்ணை, என்ர பேர் இல்லை. முடிவுத் திகதி அண்டைக்குத்தான் எனக்குப் பதினெட்டு முடியுது." பிறப்புச் சான்றிதழை நீட்டினாள். அவள் சொன்னது சரி. என்னுடைய தாளில் அவளுக்கு 17. அப்போது நான் போட்டிருந்தது இது:

```
=INT(($H$1-B2)/365.25)
```

நாலு வருடத்துக்கு ஒரு லீப் வருடம், அதாவது பள்ளிக்கூடத்தில் நெட்டாண்டு என்று படித்தது, வருகிறது. ஆகவே ஒரு வருடம் சராசரியாக 365.25 நாள், அதால் பிரித்தால் வயது வரும் என்று நினைத்திருந்தேன். சராசரி சரிதான், ஆனால் யாரும் சராசரி வருடத்தில் வாழ்வதில்லை.

2026 இன் கணக்கை வைத்துப் பாருங்கள். ஒருவர் 2008.07.15 இல் பிறந்தார். 2026.07.15 அன்று அவருக்கு 18 முடிகிறது. இடையில் வந்த பெப்ரவரி 29கள்: 2012, 2016, 2020, 2024. நாலு. 2008 உம் லீப் வருடம்தான், ஆனால் அவர் பிறக்கும்போது அந்த வருடத்துப் பெப்ரவரி 29 கடந்து போய்விட்டது, எனவே அதைச் சேர்க்க முடியாது. 18 × 365 = 6570, அதோடு 4, மொத்தம் 6574 நாட்கள். ஆனால் சூத்திரம் 18 × 365.25 = 6574.5 நாளைக் கேட்கிறது. அரை நாள் குறைகிறது. 6574 ஐ 365.25 ஆல் பிரித்தால் 17.9986. INT அதன் பின்னத்தை வெட்டி 17 என்று தருகிறது.

18 வருடத்துக்குள் பெப்ரவரி 29 நாலு முறை வரும், அல்லது ஐந்து முறை வரும். நாலரை முறை ஒருபோதும் வராது. ஐந்து வந்த வருடங்களில் சூத்திரம் பிழைக்காது, நாலு வந்தால் பிழைக்கும். 2007.07.15 இல் பிறந்தவருக்கு 2025.07.15 வரை 2008, 2012, 2016, 2020, 2024 என்று ஐந்து. 6575 நாள், அரை நாள் மிச்சம், 18 என்று சரியாக வரும். யூலை 15 ஐ வைத்துப் பார்த்தால் 2024 இலும் 2025 இலும் இந்தத் தாள் நன்றாக ஓடியிருக்கும். 2026 இலும் 2027 இலும் அதே தாள் பிழைக்கும். "போன வருடம் சரியாக வேலை செய்தது" என்று யாராவது சொன்னால் நான் இப்போது முதலில் பார்ப்பது இதைத்தான்.

365 ஆல் பிரிப்பவர்களுக்குப் பிழை மற்றப் பக்கம் போகும். 2008 யூலை 16, 17, 18, 19 இல் பிறந்த நாலு நாட்காரரும் 18 முடியாமலே உள்ளே வந்துவிடுவார்கள். 365.2425 என்று இன்னும் நுணுக்கமாகப் போட்டாலும் தீர்வு இல்லை. 18 ஆல் பெருக்கினால் 6574.365, அப்போதும் 6574 போதாது. நாளை எண்ணி வருடமாக்க முயலும் எந்த வழியிலும் விளிம்பில் ஒருவர் மாட்டுவார்.

வழி, வயதையே கணிக்காமல் விடுவது. முடிவுத் திகதியை 18 வருடம் பின்னால் கொண்டு போங்கள். 2008.07.15 வருகிறது. அன்றோ அதற்கு முன்போ பிறந்தவருக்கு 18 முடிந்திருக்கிறது. அடுத்ததாக 28 வருடம் பின்னால் போங்கள். 1998.07.15. அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர் 28ஐத் தாண்டவில்லை. இனித் திகதியோடு திகதியை ஒப்பிட்டால் போதும், லீப் வருடம் கணக்குக்குள் வரவே வராது.

```
=IF(AND(B2<=EDATE($H$1,-18*12),B2>=EDATE($H$1,-28*12)),"ஆம்","இல்லை")
```

EDATE மாதங்களில் எண்ணும், அதனால்தான் 12 ஆல் பெருக்குகிறோம். பல வர்த்தமானி அறிவித்தல்கள் "ஆகவே இந்தத் திகதியிலோ அதற்கு முன்னரோ, இந்தத் திகதியிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள்" என்று இரண்டு திகதியையும் தாமே அச்சிட்டு விடுகின்றன. அப்படி இருந்தால் கணக்கே வேண்டாம், அந்த இரண்டு திகதியையும் அப்படியே தாளில் போடுங்கள்.

அறிகுறி: 28 தாண்டியவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள் என்று விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன

நாளை எண்ணிக் கீழ் எல்லையில் பிழைத்தால் சில நாள்தான். மேல் எல்லையில் ஒரு வருடமே போகும்.

DATEDIF போட்டு வயதை முழு எண்ணாக எடுத்து, அது 28க்குச் சமம் அல்லது குறைவு என்று சோதித்திருப்பீர்கள். 1997.08.02 இல் பிறந்தவருக்கு 2026.07.15 அன்று 28 வருடம் 11 மாதம் 13 நாள். முழு எண் 28 தான், சோதனை தேறிவிடும். ஆனால் "28க்கு மேற்படாமல்" என்பதை பிறந்த திகதியாக அச்சிடும் அறிவித்தல்களைப் பார்த்தால், 28 வருடம் சரியாக முடிகிற நாள்தான் எல்லை. 28 வருடமும் ஒரு நாளும் ஆனாலே மேற்பட்டது. மேலே தந்த EDATE சூத்திரம் இப்படித்தான் எடுக்கிறது.

"28 வயதுக்குக் குறைந்தவர்" என்று எழுதியிருந்தால் எல்லை நாளில் பிறந்தவரும் வெளியே. அப்போது `>=` என்பதை `>` ஆக்க வேண்டும். "28 வயதுக்கு உட்பட்டோர்" என்று மட்டும் எழுதியிருந்தால் இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். அங்கே நான் முடிவெடுப்பதில்லை. அறிவித்தலில் உள்ள இலக்கத்துக்கு எடுத்து, "1998.07.15 இல் பிறந்தவர் விண்ணப்பிக்கலாமா?" என்று திகதியைச் சொல்லிக் கேட்பேன். வயதைச் சொல்லிக் கேட்டால் பதில் குழப்பமாக வரும், திகதியைச் சொன்னால் ஆம் அல்லது இல்லை என்று வரும்.

அறிகுறி: தகுதி உள்ளவர் என்று கண்ணுக்குத் தெரிகிறது, தாள் "இல்லை" என்கிறது

கலத்தில் 23/04/2005 என்று தெளிவாக இருக்கும். இருபத்தொரு வயதுப் பெடியன். ஆனாலும் "இல்லை". அந்தத் திகதி கலத்தின் இடப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இடப்பக்கம் என்றால் எக்செலுக்கு அது திகதி இல்லை, வெறும் எழுத்து. எழுத்தை எண்ணோடு ஒப்பிட்டால் எழுத்துத்தான் பெரியது என்பது எக்செலின் விதி. அதனால் `B2<=...` தோற்றுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, சத்தமில்லாமல் ஆளை வெளியே தள்ளிவிடும். என் சூத்திரத்தின் பெரிய பலவீனம் இது. பக்கத்து நிரலில் இதையும் வைத்துக்கொள்ளுங்கள்:

```
=ISNUMBER(B2)
```

FALSE வரும் இடமெல்லாம் எழுத்து.

ஆனால் அவர்களைத் திருத்தியதோடு வேலை முடிந்தது என்று விடாதீர்கள். எழுத்தாக நின்றவர்களை விட, திகதியாக மாறிவிட்டவர்கள்தான் ஆபத்து. கணினி அமெரிக்க முறைக்கு, அதாவது மாதம் முதலில் வரும்படி, அமைக்கப்பட்டிருந்தால் 23/04 ஐ அதற்கு விளங்காது. 23ஆம் மாதம் இல்லை என்பதால் எழுத்தாக விட்டுவிடும். 09/06/2008 விளங்கிவிடும், பிழையாக. யூன் 9 இல் பிறந்த பிள்ளை செப்டெம்பர் 6 இல் பிறந்ததாக ஆகிவிடும். முதல் திகதியில் அவருக்குத் தகுதி உண்டு. இரண்டாவதில் இல்லை. முடிவுத் திகதி டிசம்பர் 31 ஆக இருந்தால் இந்த இடமாற்றத்தால் யாருக்கும் நட்டமில்லை. நடு வருடம் என்பதால்தான் ஆளையே மாற்றிவிடுகிறது.

கண்டுபிடிக்கும் விதம்: எண்ணாக உள்ள திகதிகளை மட்டும் வடிகட்டி, நாள் 12ஐத் தாண்டிய ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். நூறு பேர் உள்ள தாளில் ஒருவர்கூட 12க்குப் பிறகு பிறக்கவில்லை என்றால் அது நடக்கிற காரியமா? முழு நிரலும் இடம் மாறியிருக்கிறது. நான் அப்போது தாளைத் திருத்துவதில்லை, மூலக் கோப்பிலிருந்து திரும்ப எடுப்பேன். நிரலைத் தெரிவுசெய்து Data → Text to Columns, மூன்றாவது திரையில் Date என்பதைத் தெரிந்து DMY. மூலக் கோப்பு இல்லாவிட்டால், மாறிப்போனவற்றுக்கு மட்டும்:

```
=DATE(YEAR(B2),DAY(B2),MONTH(B2))
```

ஒரே தாளைப் பலர் வெவ்வேறு கணினிகளில் நிரப்பியிருந்தால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டாம். சரியாக இருந்தவையும் மாறிவிடும். அந்த நிலையில் நாளும் மாதமும் இரண்டும் 12க்குள் உள்ள பெயர்களை மட்டும் பிரித்தெடுத்துச் சான்றிதழோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அறிகுறி: அடையாள அட்டை இலக்கத்திலிருந்து எடுத்த பிறந்த திகதி ஒரு நாள் கூட வருகிறது

இது நம்முடைய நாட்டுக்கே உரிய கோளாறு. வன்னியில் இதற்கு வேலை அதிகம், ஏனென்றால் இடப்பெயர்வில் சான்றிதழைத் தொலைத்த குடும்பங்களின் தாளில் பிறந்த திகதி வெறுமையாகவும் ஐசி இலக்கம் மட்டும் எழுதியும் இருக்கும். இலக்கத்திலிருந்து திகதியை எடுத்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். 12 இலக்கமுள்ள புதிய அட்டையில் ஆண்டு நாலு இலக்கமாக வரும், நாள் அதற்கு அடுத்த மூன்று. 1998 யூலை 15 இல் பிறந்த ஆணின் இலக்கம் 98197 என்று தொடங்கும், பெண்ணினது 98697.

இப்போது நாட்காட்டியில் எண்ணுங்கள். 1998 லீப் வருடம் இல்லை. யூன் முடிய 181 நாள், யூலை 15 என்றால் 196ஆவது நாள். அட்டை 197 என்கிறது. ஏன்? அட்டை இலக்கம் எல்லா வருடத்திலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்தே எண்ணுகிறது. 060 என்பது பெப்ரவரி 29க்கு ஒதுக்கிய இடம். லீப் வருடம் இல்லாவிட்டால் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும், மார்ச் 1 எப்போதும் 061.

அடையாளம் காண்பது சுலபம். ஜனவரி, பெப்ரவரியில் பிறந்தவர்களுக்கு ஒத்துப்போகும். 1996, 2000, 2004, 2008 இல் பிறந்தவர்களுக்கும் ஒத்துப்போகும். மற்ற வருடங்களில் மார்ச் 1 முதல் பிறந்த அத்தனை பேருக்கும் சரியாக ஒரு நாள் கூடும். இந்த ஒழுங்கில் பிழைத்தால் சூத்திரத்தில் `DATE(1998,1,197)` போன்ற ஒன்று இருக்கும்.

நம்முடைய அறிவித்தலில் இது எங்கே கடிக்கிறது என்று பாருங்கள். கீழ் எல்லை 2008, லீப் வருடம், அங்கே ஒன்றும் தெரியாது. மேல் எல்லை 1998. அந்த வருடம் யூலை 14 இல் பிறந்தவருக்கு ஒரு நாளால் வயது கூடிவிட்டது, தகுதி இல்லை. அவருடைய அட்டையில் நாள் 196. அதை 1998 இன் 196ஆவது நாளாக எடுத்தால் யூலை 15 வரும், தகுதி உண்டு என்று தாள் சொல்லும். நேர்முகத்துக்குப் போய்ச் சான்றிதழைக் காட்டும்போதுதான் அவருக்குத் தெரியவரும்.

திருத்தம்: நாளையும் மாதத்தையும் ஏதாவது ஒரு லீப் வருடத்தில் வைத்து எடுத்துவிட்டு, பிறகு உண்மையான ஆண்டைச் சேர்க்க வேண்டும். D2 இல் ஆண்டு, E2 இல் நாள், பெண்களுக்கு மட்டும் 500 கழித்தது, என்றால்:

```
=DATE(D2,MONTH(DATE(2000,1,E2)),DAY(DATE(2000,1,E2)))
```

இப்படி எடுத்த திகதியை நான் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படுத்துகிறேன். அட்டையும் சான்றிதழும் ஒரு நாளுக்கு மேல் முரண்பட்டால் அது லீப் வருடக் கணக்கு அல்ல, பதிவில் உள்ள முரண்பாடு. உத்தேசமாக வயது கணித்துச் சான்றிதழ் எடுத்தவர்கள், பிந்திப் பதிந்தவர்கள் என்று அதற்குப் பல கதை இருக்கும். அதைத் தாளில் திருத்த எனக்கு உரிமை இல்லை. பெயருக்கு நேரே மஞ்சள் நிறம் போட்டு, பிரதேச செயலகத்தில் கேட்கச் சொல்லிவிடுவேன்.

அறிகுறி: பெப்ரவரி 29 இல் பிறந்தவர் பற்றி இரண்டு சூத்திரம் இரண்டு பதில் தருகின்றன

யூலை முடிவுத் திகதிக்கு இது பிரச்சினையே அல்ல. 2008.02.29 இல் பிறந்தவருக்கு 2026 பெப்ரவரி 28 இல் 18 முடிந்ததா, மார்ச் 1 இலா என்று எவ்வளவு வாதாடினாலும் யூலையில் இரண்டும் கடந்துவிட்டன. எல்லை பெப்ரவரி 28 ஆக இருந்தால் மட்டும் கவனிக்க வேண்டும். பிறந்த திகதியை EDATE ஆல் முன்னால் தள்ளினால் பெப்ரவரி 28 வரும், அவருக்குத் தகுதி உண்டு. முடிவுத் திகதியைப் பின்னால் இழுத்தால் எல்லை 2008.02.28, அவர் ஒரு நாள் பிந்தியவர், தகுதி இல்லை. இரண்டையும் ஒரே தாளில் கலக்காமல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எதைப் பிடித்தீர்கள் என்று பட்டியல் கொடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: விண்ணப்பத்தில் வருடம், மாதம், நாள் கேட்கிறது, கையால் போட்டது கணினியோடு ஒத்துவரவில்லை

"முடிவுத் திகதியன்று வயது" என்று மூன்று கட்டம் இருக்கும். கடையில் அதிகம் அழித்து எழுதுகிற இடம். 1998.09.22 இல் பிறந்த ஒரு அக்காவின் விண்ணப்பத்தைப் போடுவோம். 15 இலிருந்து 22 போகாது, ஒரு மாதம் கடன் வாங்க வேண்டும். எல்லாரும் தடுமாறுவது அந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்பதில்தான். யூலை என்று எழுதியிருப்பதால் 31 என்று எடுக்கிறார்கள். கடன் வாங்குவது முடிந்துபோன மாதத்திலிருந்து, அதாவது யூனிலிருந்து. 30 நாள். 15உம் 30உம் 45, அதில் 22 போக 23 நாள். மாதம் 7 இல் ஒன்று போய் 6. அதிலிருந்து 9 போகாது, ஒரு வருடத்தைப் பன்னிரண்டு மாதமாக்கினால் 18, 9 போக 9 மாதம். வருடம் 2025 இலிருந்து 1998 போக 27. விடை 27 வருடம் 9 மாதம் 23 நாள்.

சரிபார்க்க முன்னால் நடந்து பாருங்கள். 1998.09.22 இலிருந்து 27 வருடம் போனால் 2025.09.22. ஒன்பது மாதம் போனால் 2026.06.22. அங்கிருந்து 23 நாள், யூலை 15.

எக்செலில் இதற்கு DATEDIF உடன் "YM", "MD" என்று இரண்டு உண்டு. "YM" ஐ நம்பலாம். "MD" ஐ நம்ப வேண்டாம் என்று மைக்ரோசொவ்ட்டே எச்சரித்திருக்கிறது. 31ஆம் திகதி பிறந்தவர்களுக்கு மார்ச் தொடக்கத்தில் எல்லை வந்தால் மைனஸ் நாள்கூடத் தரும். நாளை மட்டும் கையால் போட்டுக்கொள்ளுங்கள்.

கொடுப்பதற்கு முன்

இப்போது பட்டியலின் மேலே ஆறு பொய்ப் பெயர்களைச் சேர்த்துத்தான் சூத்திரத்தை ஓட விடுகிறேன். பிறந்த திகதிகள் 2008 யூலை 14, 15, 16, மற்றது 1998 யூலை 14, 15, 16. விடை வரிசையாக ஆம், ஆம், இல்லை, இல்லை, ஆம், ஆம் என்று வர வேண்டும். ஏழாவதாக ஒரு கலத்தில் `'23/04/2005` என்று முன்னால் ஒற்றை மேற்கோள் போட்டு வேண்டுமென்றே எழுத்தாகத் தட்டி, ISNUMBER நிரல் அதைப் பிடிக்கிறதா என்றும் பார்ப்பேன். எல்லாம் சரியென்றால் அந்த ஏழு நிரையையும் அழித்துவிட்டு அச்சடிப்பேன். ஒருமுறை அழிக்க மறந்து, "சோதனை ஒன்று, சோதனை இரண்டு ஆர் தம்பி, எந்த ஊர்ப் பெடியள்?" என்று சங்கத் தலைவர் கேட்டுக்கொண்டு வந்தார்.